ஸ்டில்ட் பார்க்கிங் வைத்த வீடு நிலநடுக்கத்தில் தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொளத்தூரில் எங்கள் தெருவில் புதிதாக எழும்பும் எல்லாமே கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடிதான். எல்லாரும் கட்டுகிறார்கள், இதில் அப்படி என்ன ஆபத்து?

மேலிருந்து கீழே வரும் எடையைத் தாங்குவதில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஒழுங்காகக் கணக்குப் போட்ட பில்லர் அதைத் தாங்கிவிடும். சிக்கல் பக்கவாட்டு ஆட்டத்தில் இருக்கிறது. நிலம் அசையும்போது கட்டடத்தின் அடிப்பகுதி நிலத்தோடு நகரும், மேலே இருக்கும் எடை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். இந்த இழுபறியை ஒவ்வொரு தளமும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பெரிய சேதம் வராது.

ஸ்டில்ட் கட்டடத்தில் அந்தப் பகிர்வு நடப்பதில்லை. முதல் மாடியிலிருந்து மேலே ஹால், படுக்கையறை, சமையலறை என்று எங்கு பார்த்தாலும் செங்கல் சுவர். பில்லருக்கும் பீமுக்கும் நடுவே அந்தச் சுவர்கள் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதால் மேல் மூன்று தளமும் கிட்டத்தட்ட ஒரே கட்டியாக நகரும். கீழே சுவரே கிடையாது, வெறும் பில்லர்கள். அதனால் மொத்தக் கட்டடமும் வளைய வேண்டிய அளவை அந்தப் பத்தடி உயரத்துக்குள் பில்லர்கள் மட்டுமே வளைந்தாக வேண்டும். பில்லரின் தலையும் காலும் உடைகின்றன, தளம் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. மேல் மாடிகளில் ஜன்னல் கண்ணாடிகூட உடையாமல், முதல் மாடி தரையில் வந்து உட்கார்ந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது இதுதான்.

சென்னைக்கு எங்கே சார் நிலநடுக்கம் வருது? குஜராத், நேபாளம் மாதிரியா நாம்?

அந்த அளவுக்கு இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அருகே கடலில் வந்த நிலநடுக்கம் சென்னையில் நன்றாகவே உணரப்பட்டது. 2004 டிசம்பர் 26 காலையிலும், 2012 ஏப்ரல் 11 அன்றும் சுமத்ரா பக்கம் வந்த அதிர்வுகளுக்கே இங்கே அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1893, அதன் 2002 பதிப்பில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. 2016 பதிப்பிலும் அதே மூன்றுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது அகமதாபாத். அதுவும் மூன்றாம் மண்டலம்தான். 2001 ஜனவரி 26 அன்று 7.7 அளவில் வந்த பூஜ் நிலநடுக்கத்தின் மையம் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அப்படியும் அந்த நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட கான்கிரீட் அடுக்குமாடிகள் விழுந்தன, பெரும்பாலானவை கீழே திறந்த பார்க்கிங் வைத்தவை. ஆற்று வண்டல் மண் அதிர்வைப் பெருக்கிக் காட்டியதும் ஒரு காரணம். நமக்குக் கீழே பாறையா இருக்கிறது? கொளத்தூர், பெரம்பூர் பக்கம் ஏரிக் களிமண், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் கடற்கரை மணல்.

பில்டர் "எல்லா பில்லரும் 9க்கு 18, கம்பி தாராளமாகப் போட்டிருக்கிறேன்" என்கிறார். அது போதாதா?

பில்லர் எவ்வளவு பெரியது என்பதோடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் கேளுங்கள். ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு போவோம், அப்போதுதான் புரியும்.

ஒரு கிரவுண்டு மனை, ரோட்டுப் பக்கம் 40 அடி, உள்ளே 60 அடி. சுற்றிலும் இடம் விட்டு 30 அடிக்கு 45 அடி கட்டடம். ரோட்டைப் பார்த்து மூன்று வரிசை, உள்நோக்கி நான்கு வரிசை, மொத்தம் 12 பில்லர், ஒவ்வொன்றுக்கும் நடுவே நாலரை மீட்டர். பில்லர் 230க்கு 450 மி.மீ., அதாவது உங்கள் 9க்கு 18. கார் உள்ளே நுழைய அகலம் வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டையும் ஒரே மாதிரி நிறுத்தியிருப்பார்கள்: மெல்லிய 9 இன்ச் பக்கம் ரோட்டைப் பார்க்கும், 18 இன்ச் பக்கம் மனையின் நீளவாக்கில் போகும். சென்னையில் பத்தில் எட்டு ஸ்டில்ட் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

பில்லர் பக்கவாட்டில் வளையாமல் எதிர்ப்பதை விறைப்பு என்று வைத்துக்கொள்வோம். 450 மி.மீ. பக்கத்தின் திசையில் இந்தப் பில்லரின் விறைப்பு, 230 மி.மீ. பக்கத்தின் திசையில் இருப்பதைவிட ஏறத்தாழ 3.8 மடங்கு. பன்னிரண்டும் ஒரே பக்கம் திரும்பி நின்றால், கட்டடம் நீளவாக்கில் நன்றாக நிற்கும், ரோட்டுக்கு இணையான குறுக்குவாக்கில் அதில் நாலில் ஒரு பங்குதான் விறைப்பு. நிலநடுக்கம் எந்தத் திசையில் வரும் என்று சொல்லிவிட்டு வராது. கம்பியை எவ்வளவு கூட்டினாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது, ஏனென்றால் விறைப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது கான்கிரீட்டின் வடிவம்.

செங்கல் சுவர் சும்மா தடுப்புக்குத்தானே? அது எடையே தாங்குவதில்லை, பிறகு எப்படி மேல் தளம் பலமாகிவிடும்?

எடையைப் பில்லர்தான் தாங்குகிறது, சரி. ஆனால் பில்லரும் பீமும் சேர்ந்த கூடு பக்கவாட்டில் சாய முயலும்போது நடுவில் இருக்கும் செங்கல் சுவர் மூலைக்கு மூலை முட்டுக்கொடுத்தது போல நின்று தடுக்கும். அதன் விறைப்பைக் கணக்கிடும் வழியை ஐ.எஸ். 1893 விதியே தருகிறது.

நம் உதாரணத்துக்கே போடுவோம். பில்லரின் வெற்று உயரம் 2.7 மீட்டர், கான்கிரீட் எம்25. குறுக்குவாக்கில் ஒரு பில்லரை ஒரு மி.மீ. நகர்த்த சுமார் 7 கிலோநியூட்டன் விசை வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 700 கிலோ எடை. பன்னிரண்டும் சேர்ந்து சுமார் 83. ஜன்னல், கதவு இல்லாத ஒரே ஒரு 9 இன்ச் சுவர், நாலு மீட்டர் நீளம் இருந்தால், அது மட்டும் 39 அளவில் வரும். ஒரு சுவர் ஐந்து பில்லருக்கு மேல் சமம்! முதல் மாடியில் அந்தத் திசையில் இப்படி நான்கு சுவர்தான் தேறும் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 156 கூடுதலாக வந்து, அந்தத் தளம் 239 ஆகிறது. கீழே 83. மேல் தளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கீழ்த்தளத்துக்கு.

2016 விதி கேட்பது என்ன? திறந்த தளத்தின் விறைப்பு அதற்கு மேல் தளத்தில் 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, பலம் 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. நாம் 35-இல் நிற்கிறோம். (இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பில்லரின் இரு முனையும் அசையாது என்று வைத்துப் போட்டது, நிஜத்தில் எல்லாமே இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கும்.)

கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் பலர் இந்தச் சுவர்களை எடையாக மட்டும் சேர்த்துவிட்டு, விறைப்பாகச் சேர்ப்பதில்லை. அப்போது எல்லாத் தளமும் ஒரே மாதிரி விறைப்பாகத் தெரியும், பலவீனமே கண்ணில் படாது. உங்கள் இன்ஜினியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "மேல் மாடிச் சுவரை மாடலில் சேர்த்தீர்களா?"

அப்படியானால் அதே மனையில், கார் நிற்கும் இடத்தையும் விடாமல், எப்படி மாற்றி அமைப்பது?

முதலில் செலவே இல்லாத வேலை: பாதி பில்லரைத் திருப்பி நிறுத்துங்கள். பக்கவாட்டுச் சுவரை ஒட்டிய வரிசைகளிலும் பின் வரிசையிலும் கார் உரசப்போவதில்லை, அங்கே 18 இன்ச் பக்கம் ரோட்டுக்கு இணையாக நின்றால் என்ன குறைந்துவிடும்? ஆறு இப்படி, ஆறு அப்படி நின்றால் இரு திசையிலும் விறைப்பு ஏறத்தாழ 200. குறுக்குவாக்கில் 83 இருந்தது 200 ஆனதே பெரிய முன்னேற்றம். மேல் மாடியிலும் அதே பில்லர்தான் போகிறது என்பதால் அங்கே 356. ஆக 56 சதவீதம். இன்னும் போதவில்லை.

மீதியை ஷியர் வால் எனப்படும் கான்கிரீட் சுவர்தான் செய்ய வேண்டும். 200 மி.மீ. தடிமன், 2 மீட்டர் நீளம் உள்ள ஒரு சுவர், குறைத்து மதிப்பிட்டாலும், மேலே சொன்ன அளவில் 360க்கு வரும். ரோட்டுக்கு இணையாக இரண்டு வையுங்கள், ஒன்று பின்னால் மாடிப்படி ஓரத்தில், ஒன்று முன்னால். முன்னால் சுவர் வைத்தால் கார் எப்படி உள்ளே வரும் என்று உடனே கேட்பீர்கள். முன் வரிசையின் நடுப் பில்லர் இருக்கும் இடத்தில், அதற்கு இந்தப் பக்கம் ஒரு மீட்டர், அந்தப் பக்கம் ஒரு மீட்டர் என்று அந்தச் சுவரை வையுங்கள். இருபுறமும் மூன்றே கால் மீட்டர் வழி மிஞ்சும், கார் தாராளமாகப் போகும். மேல் மாடிகளில் அது முகப்பில் நடுவில் ஆறரை அடி ஜன்னல் இல்லாத சுவராக வரும், இரு பக்கமும் ஜன்னல் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கீழே 200-உடன் 720, மேலே 356-உடன் 720. விகிதம் 85 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. நீளவாக்குத் திசைக்கும் இதேபோல இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று. அவை பில்லர் வரிசையிலேயே உட்காருவதால் ஒரு கார் இடம்கூடப் போகாது. பலத்துக்கான 90 சதவீதத்தையும், இந்தச் சுவர்களுக்கு விதி கேட்கும் குறைந்தபட்சப் பரப்பையும் உங்கள் இன்ஜினியர் தனியாகச் சரிபார்க்க வேண்டும், விறைப்பு வந்துவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது.

ஒன்று மட்டும். 230க்கு 750 என்று நீளமாக ஒரு பில்லர் போட்டுவிட்டு "இதுதான் ஷியர் வால்" என்று சொல்பவர்கள் உண்டு. தடிமனைப் போல நாலு மடங்காவது நீளம் இருந்தால்தான் அதைச் சுவர் என்றே விதி ஏற்கும்.

லிஃப்ட்டைச் சுற்றி ஏற்கெனவே கான்கிரீட் சுவர் வருகிறதே, அது போதுமே?

அது எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சிறிய மனைகளில் லிஃப்ட்டும் மாடிப்படியும் பின்மூலையில்தான் ஒதுங்கும். கட்டடத்தின் எடை நடுவில், விறைப்பு முழுவதும் ஒரு மூலையில் என்றால், ஆட்டம் வரும்போது கட்டடம் நேராக நகராது, அந்த மூலையை அச்சாக வைத்துத் திருகிக்கொள்ளும். லிஃப்ட்டுக்கு எதிர்மூலையில், அதாவது ரோட்டோரம் இருக்கும் பில்லர்கள்தான் மிக அதிகத் தூரம் நகரும், அவைதான் முதலில் உடையும். சிலசமயம் அப்படி ஒரு மூலைச் சுவர் இருப்பது, ஒன்றுமே இல்லாததைவிட மோசமாகக்கூடப் போகலாம்.

முன்பக்கமும் ஒரு சுவர் வேண்டும் என்று மேலே பிடிவாதம் பிடித்தது அதனால்தான். லிஃப்ட் சுவரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு எதிர்ப்பக்கம் ஈடுகட்ட ஒன்று வையுங்கள். இன்னொரு விஷயம், லிஃப்ட் சுவர் மூன்று பக்கம் கான்கிரீட், கதவு வைக்கும் பக்கம் திறப்பு. நான்கு பக்கமும் மூடிய பெட்டியைப் போல அது வேலை செய்யாது.

செலவு கூடுகிறது. ஷியர் வாலை பார்க்கிங் தளத்தோடு நிறுத்திவிட்டு, மேலே வழக்கம்போல செங்கல் வைத்துக்கொள்ளலாமா?

அப்படிச் செய்தால் பலவீனம் ஒரு மாடி மேலே ஏறும், அவ்வளவுதான். சுவர் திடீரென்று நிற்கும் இடத்தில் அது ஏந்திய விசை முழுவதும் முதல் மாடி ஸ்லாப் வழியாகப் பில்லர்களுக்குத் தாவ வேண்டியிருக்கும், அந்த ஸ்லாப் அதற்காக டிசைன் செய்யப்பட்டிருக்காது. ஃபுட்டிங்கிலிருந்து மொட்டை மாடிவரை ஒரே கோட்டில் போவதுதான் முறை. மேலே போகப் போக கம்பியைக் குறைத்துக்கொள்ளலாம், சுவரை நிறுத்த வேண்டாம்.

செலவை மிச்சப்படுத்தக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது சுவருக்குக் கீழே இருக்கும் அஸ்திவாரம். விறைப்பாக இருப்பதால் விசை எல்லாம் சுவரைத் தேடி வரும், சுவர் அதை ஒரு ஓரம் அழுத்தியும் மறு ஓரம் தூக்கியும் மண்ணுக்குக் கொடுக்கும். நம் களிமண்ணில் தனித்தனி ஃபுட்டிங் மேல் அந்தச் சுவரை நிறுத்தினால் ஃபுட்டிங்கே ஆடும், மேலே போட்ட கணக்கு எல்லாம் பாதியாகிவிடும். பக்கத்துப் பில்லர்களோடு சேர்த்துக் கட்டிய ஃபுட்டிங், ராஃப்ட், அல்லது பைல் என்று சாயில் டெஸ்ட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கடலோர மணல் என்றால் ஆட்டத்தில் மண் நீர் போல இளகுமா என்பதையும் அதே டெஸ்ட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பி கட்டி முடித்தாயிற்று, நாளை கான்கிரீட். நான் நேரில் போய் எதைப் பார்க்கட்டும்?

பில்லரின் தலையையும் காலையும் பாருங்கள். உடைவது அங்கேதான். மூன்றாம் மண்டலத்தில், நிலநடுக்கத்துக்குக் கம்பி கட்டும் முறையைச் சொல்லும் ஐ.எஸ். 13920 விதிப்படி கம்பி கட்ட வேண்டும். 450 மி.மீ. பில்லரில் மேலேயும் கீழேயும் குறைந்தது ஒன்றரை அடி உயரத்துக்கு, நெட்டுக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் நெருக்கமாக வர வேண்டும். நெருக்கம் என்றால் 100 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பில்லரின் சின்னப் பக்கத்தில் கால்வாசியையும் தாண்டக்கூடாது, மெல்லிய கம்பி போட்டிருந்தால் இன்னும் நெருக்கம் கேட்கும். 230 பில்லர் என்றால் 57 மி.மீ.தான் வருகிறது, கை நுழையாது, வைப்ரேட்டரும் சிரமம். 2016 விதியில் பில்லரின் சின்னப் பக்கமே குறைந்தது 300 மி.மீ. இருக்க வேண்டும் என்பதால், நம் உதாரணத்தில் எடுத்துக்கொண்டது உட்பட எந்த 9 இன்ச் பில்லரும் புதிய கட்டடத்துக்கு ஆகவே ஆகாது. "சுவருக்குள் மறைந்துவிடும், அழகாக இருக்கும்" என்பதுதான் 9 இன்ச் பில்லருக்கு இங்கே சொல்லப்படும் ஒரே நியாயம். பார்க்கிங்கில் மறைக்கச் சுவரே இல்லையே!

அப்புறம் ரிங்கின் கொக்கி. அது பில்லரின் உட்புறம் நோக்கி 135 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். வெறும் எல் வடிவில் 90 டிகிரி மடக்கிவிட்டால், வெளிப்பூச்சு உதிர்ந்ததும் ரிங் விரிந்துகொள்ளும், அதன் பிறகு நெட்டுக்கம்பியைப் பிடிக்க ஆள் இல்லை. கம்பி கட்டுபவருக்கு இது கூடுதல் வேலை, நின்று பார்க்காவிட்டால் நடக்காது. நெட்டுக்கம்பியின் லேப்பை, அதாவது ஒரு கம்பியோடு அடுத்த கம்பியைச் சேர்த்துக் கட்டும் இடத்தை, ஸ்டில்ட் தரைக்கு மேலேயே போடுவது பழக்கம். விதி சொல்வது பில்லரின் நடுப்பகுதியில். பீமும் பில்லரும் சேரும் இடத்துக்குள் ரிங் போட்டிருக்கிறார்களா என்றும் குனிந்து பாருங்கள், அதிகம் விட்டுப்போவது அதுதான்.

பார்க்கிங்கில் வாட்ச்மேன் ரூம், மோட்டார் ரூம், ஓரமாக ஒரு கடை என்று சுவர் எழுப்பினால் பலம் கூடும்தானே?

ஒரு பக்கம் மட்டும் எழுப்பினால் மேலே லிஃப்ட்டுக்குச் சொன்ன அதே திருகல்தான். அதைவிடப் பெரிய தொல்லை அரைச்சுவர். காற்று வரட்டும் என்று பில்லருக்குப் பில்லர் நாலடி, ஐந்தடி உயரத்துக்கு மட்டும் சுவர் வைப்பார்கள். பில்லரின் கீழ்ப்பாதியைச் சுவர் பிடித்துக்கொள்ள, மேல்பாதி மட்டும்தான் வளைய முடியும். வளையும் உயரம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. பக்கத்தில் முழு உயரத்துக்கு வளையும் பில்லர்களை விட்டுவிட்டு விசை எல்லாம் இந்தக் குட்டைப் பில்லருக்குப் பாயும், அது குறுக்காக எக்ஸ் வடிவில் வெட்டுப்படும்.

அரைச்சுவர் வேண்டும்தான் என்றால் பில்லரிலிருந்து ஓரிரு இன்ச் இடைவெளி விட்டு, தெர்மாகோல் வைத்து மூடுங்கள், சுவருக்குத் தனியாகச் சின்னத் தாங்கல் கொடுங்கள். வெள்ளத்துக்குப் பயந்து பார்க்கிங் ஓரத்தில் தடுப்புச் சுவர் எழுப்புபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2015-க்கும் 2023 டிசம்பருக்கும் பிறகு அது அதிகமாகிவிட்டது.

தண்டையார்பேட்டையில் 1990-களில் கட்டிய ஸ்டில்ட் ஃபிளாட்டில் இருக்கிறோம். ஒரு விரிசல்கூட இல்லை. பயப்பட வேண்டுமா?

விரிசல் இல்லை என்பது அன்றாட எடையைத் தாங்குகிறது என்று மட்டும் சொல்கிறது. பலமான பக்கவாட்டு ஆட்டத்தை அந்தக் கட்டடம் இதுவரை சந்தித்திருக்காது, காற்று மூன்று மாடிக்கு ஒரு பொருட்டே இல்லை. 2002-க்கு முன் கட்டியது என்றால், நிலநடுக்கத்துக்குக் கணக்குப் போட்டிருந்தாலுமே பழைய இரண்டாம் மண்டல அளவில்தான் போட்டிருப்பார்கள்.

ஒரு டேப்போடு பார்க்கிங்கைச் சுற்றி வாருங்கள். எல்லாப் பில்லரின் மெல்லிய பக்கமும் ஒரே திசையைப் பார்க்கிறதா? இரு திசையிலும் ஃபுட்டிங்கிலிருந்து மேலே போகும் சுவர் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் ஒரே மூலையிலா? முதல் மாடி வெளியே நீட்டிக்கொண்டு, அதன் ஓரத்தில் நிற்கும் பில்லர் கீழே இறங்காமல் பீமின் நுனியில் முடிகிறதா? இந்தக் கடைசி விஷயம் இருந்தால் மற்றதைவிட அவசரம், ஏனென்றால் அந்த ஓரத்து எடைக்கு மண்ணுக்கு இறங்க நேர் வழியே இல்லை. கடைசியாக, பழைய வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ரிங் இடைவெளியைப் பூச்சுக்கு மேலே இருந்தே ரீபார் லொகேட்டர் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், உடைக்க வேண்டியதில்லை.

சரி, பலவீனம் என்று தெரிந்துவிட்டது. அசோசியேஷனில் என்ன செய்ய முடியும்?

குடியிருப்பவர்களைக் காலி செய்யாமலே செய்யக்கூடிய வேலை இது, வேலை நடப்பது பார்க்கிங்கில் மட்டும்தான். நல்ல வழி, நான்கு ஓரத்திலும் சில இடங்களில் இரண்டு பில்லருக்கு நடுவே கான்கிரீட் சுவர் வார்ப்பது. பழைய பில்லரிலும் பீமிலும் துளையிட்டு எபாக்ஸியில் கம்பி பதித்து, புதிய சுவரோடு இணைப்பார்கள், கீழே புதிய ஃபுட்டிங் வரும். புதிய கட்டடத்தில் சுவரை ஸ்டில்ட்டோடு நிறுத்தாதே என்று சொன்னேன். பழையதில் மேலே கொண்டுபோக முடியாது, ஆனால் மேலே ஏற்கெனவே செங்கல் சுவர்கள் இருக்கின்றன. கீழ்த்தளத்தை மேல்தளத்தின் அளவுக்குக் கொண்டுவந்தால் போதும், அதைத் தாண்டி மிகைப்படுத்தினால் பலவீனம் முதல் மாடிக்குப் போய்விடும். எத்தனை சுவர், எவ்வளவு நீளம் என்பதைக் கணக்கிட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேண்டும், மேஸ்திரி வேலை இல்லை.

கார் இடம் போகிறது என்று சண்டை வந்தால் அடுத்த வழி பில்லருக்கு ஜாக்கெட்டிங். 230க்கு 450 பில்லரைச் சுற்றிலும் 100 மி.மீ. கான்கிரீட்டும் புதிய கம்பியும் சேர்த்தால் 430க்கு 650 ஆகும், மெல்லிய திசையில் விறைப்பு ஒன்பது மடங்குக்கு மேல் ஏறும். புதிய கம்பி மேலே பீம் சந்திப்பிலும் கீழே ஃபுட்டிங்கிலும் சரியாக ஊன்ற வேண்டும். தரைமட்டத்தில் தொடங்கி பீமுக்கு அரையடி கீழே முடியும் ஜாக்கெட்டை நிறையப் பார்க்கலாம், உடையும் இடத்தை விட்டுவிட்டு நடுவை மட்டும் தடிப்பாக்கிய வேலை அது. ஒன்றிரண்டு பில்லருக்கு மட்டும் செய்வதும் கூடாது, விசை அவற்றை நோக்கித்தான் போகும்.

பணமே இல்லை என்றால், நாலு ஓரத்திலும் சமமாக, சில இடங்களை மட்டும் 9 இன்ச் செங்கல் சுவரால் பீமின் அடிவரை இடைவெளி இல்லாமல் மூடுவதே ஓரளவு உதவும். கான்கிரீட் சுவருக்கு இது ஈடாகாது, நாலைந்து தடவை பலமாக ஆடினால் செங்கல் உதிரத் தொடங்கும்.

எங்கள் பில்லர் அடியில் பூச்சு ஊதி உதிர்கிறது. மேலே பூசிவிட்டால் போதுமா?

போதாது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து பில்லரின் கீழ் ஓரிரு அடியைத்தான் முதலில் தின்னும். மழைத் தண்ணீர் தேங்குவதும் அங்கே, கார் கழுவும் தண்ணீர் தெறிப்பதும் அங்கே. வெளிப்புறத்துக்கு மிக அருகில் இருப்பது ரிங் என்பதால் முதலில் துருப்பிடிப்பதும் ரிங்தான். நெட்டுக்கம்பி நன்றாக இருப்பது போலத் தெரியும்போதே 8 மி.மீ. ரிங் பாதியாகத் தேய்ந்திருக்கும். ஆட்டத்தில் பில்லரின் காலைக் கட்டிப்பிடிக்க வேண்டியது அதே ரிங்தான்.

ஊதிய கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பிக்குப் பின்புறம்வரை சுத்தம் செய்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, தேவைப்பட்டால் புதிய ரிங் சேர்த்து, பிறகு ரிப்பேர் மோர்ட்டரோ மைக்ரோ கான்கிரீட்டோ வைக்க வேண்டும். தட்டுவதற்கு முன் ஸ்லாப்புக்கு முட்டுக் கொடுங்கள், ஒரே நேரத்தில் ஒரு பில்லர் மட்டும். ஜாக்கெட்டிங் போடும் எண்ணம் இருந்தால் இந்த ரிப்பேரைத் தனியாகச் செய்யாமல் அதோடு சேர்த்துவிடுங்கள், முட்டுக்கும் ஆளுக்கும் இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டாம்.